நாள்பட்ட பல்வலிய பொறுமையா பார்த்து சரி பண்ண டாக்டருக்கு நன்றி லெட்டர் எழுதுறது எப்படி

பல் டாக்டருக்கு நன்றி சொல்லி ஒரு லெட்டர் எழுதணும்னு நிறைய பேருக்கு ஆசை இருக்கு, ஆனா பேப்பர எடுத்து உக்காந்தா "வணக்கம் டாக்டர், ரொம்ப நல்லா பார்த்தீங்க, ரொம்ப நன்றி, நீங்க நல்லா இருக்கணும்" அதோட முடிஞ்சிடுது, அதுக்கு மேல பேனா நகராது. இது தப்புன்னு சொல்ல வரல. ஆனா வருஷக்கணக்கா வலிச்ச பல்ல ஒருத்தர் உக்காந்து கேட்டு, சோதிச்சு, புரிய வச்சு சரி பண்ணியிருக்காங்கன்னா அந்த ரெண்டு வரில அவங்க செஞ்ச வேலை எதுவுமே இல்ல, அத எந்த டாக்டருக்கு வேணா அனுப்பலாம். அவங்களுக்குன்னே எழுதுன லெட்டரா வரணும்னா என்ன பண்ணணும்னு இங்க சொல்றேன்.

உதாரணத்துக்கு எங்க சித்தப்பா எழுதுன லெட்டரையே எடுத்துக்கறேன், அவர்கிட்ட கேட்டுட்டுதான் போடுறேன். அவருக்கு கோத்தகிரி பக்கம், பச்சை இலை ஏத்துற லாரி ஓட்டுறார், தோட்டத்துல இருந்து ஃபேக்டரிக்கு. வலது பக்கம் கீழ கடைவாய்ல வலி, ரெண்டு வருஷத்துக்கு மேல. கடைசில குன்னூர்ல ஒரு டாக்டரம்மாதான் பல்லுல விரிசல்னு கண்டுபிடிச்சாங்க. அவர் சொல்ல சொல்ல நான் எழுதுனேன்.

அவசரப்பட்டு எழுத வேணாம்

வலி நின்ன அன்னைக்கே எழுதணும்னு தோணும். கொஞ்சம் பொறுங்க. விரிசல் விட்ட பல்லச் சுத்தி பேண்ட்னு ஒரு ஸ்டீல் வளையம் போட்ட உடனே கடிக்கிற வலி போயிடலாம், அதுக்கப்புறம் குளிர்ச்சி பட்டா கூச்சம் மட்டும் தங்கலாம், ராத்திரி விண்ணு விண்ணுன்னு தெறிக்கவும் செய்யலாம், சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு, அதுக்கப்புறம்தான் ரூட் கெனால் போனாங்க. அதனால கடைசி கேப் ஒட்டி, அந்தப் பக்கமா சாதாரணமா சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மாசமாவது போகட்டும்.

இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. வலி இருக்கறவங்கதான் திரும்ப கிளினிக்குக்கு வருவாங்க, சரியானவங்க அப்படியே மறைஞ்சிடுவாங்க. அதனால தான் பார்த்த பல்லு ரெண்டு மூணு மாசம் கழிச்சு எப்படி இருக்குன்னு டாக்டருக்குத் தெரியறது கம்மி. உங்க லெட்டர்ல அந்தத் தகவல் இருந்தா அதுவே அவங்களுக்கு பெரிய விஷயம். "வர்க்கி கடிக்க முடியுது, வலது பக்கமா மெல்லுறேன், காலைல குளிர் காத்து பட்டாலும் ஒண்ணும் ஆகல"ன்னு எழுத முடியணும்னா அதையெல்லாம் செஞ்சு பார்க்க நாள் வேணும் இல்லையா.

ஃபைல எடுத்து வச்சுக்கோங்க

எழுத உக்கார்றதுக்கு முன்னாடி பழைய மருந்து சீட்டு, எக்ஸ்ரே கவர், பில்லு எல்லாத்தையும் எடுத்து மேசைல பரப்புங்க. எந்த மாசம் முதல்ல போனீங்க, எந்தப் பல்லு, என்னென்ன பண்ணாங்க, இதெல்லாம் மனசுல இருக்கறதும் பேப்பர்ல இருக்கறதும் ஒண்ணா இருக்காது. சித்தப்பா "கடைசிப் பல்லு"ன்னே சொல்லிட்டு இருந்தார், சீட்டப் பார்த்தா 46ன்னு இருந்துச்சு. முதல் எண்ணு வாய்ல எந்தக் கால்பகுதின்னு சொல்லுது, 4ன்னா கீழ வலது பக்கம். ரெண்டாவது எண்ணு நடுவுல இருந்து எண்ணிட்டு வந்தா எத்தனாவது பல்லுன்னு, 6ன்னா முதல் பெரிய கடைவாய்ப்பல். சில டாக்டருங்க இப்படி எழுதாம ஒரு கூட்டல் குறி போட்டு அதோட ஒரு மூலைல 6ன்னு எழுதுவாங்க, உங்க சீட்டு அப்படி இருந்தா மூலைய கவனமா பாருங்க, டாக்டர் நம்மள எதிர்ல இருந்து பார்க்கற மாதிரி போடுறதால நம்ம வலது பக்கம் பேப்பர்ல இடது பக்கமா வரும்.

எதுக்கு இவ்வளவுன்னா, ஒரு நாளைக்கு எத்தனையோ வாய பார்க்கற ஆளுக்கு "என் பல்லு"ன்னு எழுதுனா யாருன்னே ஞாபகம் வராது. பேரு, முதல்ல வந்த மாசம், பல்லு நம்பர் மூணும் முதல் பத்தில இருந்தா கேஸ் ஷீட்ட எடுத்துப் பார்த்துட்டு மீதிய படிப்பாங்க.

வலி எப்படி இருந்துச்சுன்னு எழுதுறது

இங்கதான் எல்லாரும் "தாங்க முடியாத வலி", "உயிர் போற வலி"ன்னு எழுதிட்டுப் போயிடறாங்க. எது பண்ணா வந்துச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சு, எதெல்லாம் விட்டுட்டீங்க, இத எழுதுங்க. நான் சித்தப்பாகிட்ட கேட்டப்போ அவரும் முதல்ல "என்னத்த கண்ணு சொல்றது, வலி வலிதான்"னார். கொஞ்சம் கொஞ்சமா கேட்டப்போ வந்துச்சு. கடலை, வர்க்கி, கறில சின்ன எலும்பு, இதுல எதையாவது அந்தப் பக்கம் கடிச்சா சுரீர்னு ஒரு குத்து, ஒரு செகண்டு, அவ்வளவுதான். எல்லா நேரமும் வராது, பத்து தடவ கடிச்சா ரெண்டு தடவ. மார்கழி தை மாசத்துல பனி கொட்டுற காலைல லாரி ஜன்னல திறந்தா காத்து பட்டு கூசும், அதனால கன்னத்துல மஃப்ளர் சுத்தாம வண்டி எடுக்க மாட்டார். சாப்பாடு முழுக்க இடது பக்கம்தான். எந்தப் பல்லுன்னு கேட்டா சரியா காட்டத் தெரியாது, சில நேரம் காதுக்குள்ள வலிக்கிற மாதிரி இருக்கும்.

இதெல்லாம் எழுதுனா என்ன லாபம்னா, டாக்டர் எவ்வளவு சிக்கலான இடத்துல இருந்து ஆரம்பிச்சாங்கன்றது அதுலயே தெரிஞ்சிடும், "நீங்க பெரிய திறமைசாலி"ன்னு தனியா எழுத வேண்டியதே இல்ல. இப்படி வந்து வந்து போற வலி, இடம் காட்டத் தெரியாத வலி, எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாத வலி, இது கண்டுபிடிக்கக் கஷ்டமான ஒண்ணு. பல்லுக்குள்ள இருக்கற நரம்பு வலிக்குதுன்னு சொல்லுமே தவிர எந்த இடம்னு சொல்லாது. வேரைச் சுத்தி இருக்கற தசைநார் வரைக்கும் புண்ணு போனாதான் "இந்தப் பல்லு"ன்னு விரல வச்சு காட்ட முடியும்.

முன்னாடி பார்த்த இடங்களப் பத்தி ஒரே வரி போதும். சித்தப்பாவுக்கு முன்னாடி ஒரு இடத்துல ஈறு வீக்கம்னு மாத்திரை குடுத்தாங்க, இன்னொரு இடத்துல மேல் பல்லுல சொத்தைன்னு அடைச்சாங்க. அத விலாவாரியா எழுதணும்னு அவருக்கு ஆத்திரமா இருந்துச்சு, நான் "முன்னாடி ரெண்டு இடத்துல பார்த்தும் தீரல"ன்னு மட்டும் எழுதுனேன். நன்றி லெட்டர்ல மத்தவங்க மேல புகார் நீளமா போனா படிக்கறவங்களுக்கு சங்கடம், ஒரே ஊர்ல எல்லா டாக்டரும் ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவங்கதான். தவிர விரிசல் ஆரம்பத்துல யார் கண்ணுக்கும் சிக்காம இருக்கறது சகஜம்.

டாக்டர் செஞ்சத எழுதுற இடம், இதுக்குத்தான் நேரம் எடுத்துக்கணும்

"பொறுமையா பார்த்தீங்க"ன்னு எழுதறதுக்கு பதிலா அந்தப் பொறுமை எந்த நிமிஷத்துல தெரிஞ்சுதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷம் கண்டிப்பா இருக்கும். சித்தப்பா சொன்ன முதல் விஷயம், அந்தம்மா வாய்ல கைய வைக்கறதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி கேட்டாங்களாம், "கடிக்கும்போது வலிக்குதா, கடிச்சதை விடும்போது வலிக்குதா?" அதுவரைக்கும் அவர் அத யோசிச்சதே இல்ல. யோசிச்சுப் பார்த்தா விடும்போதுதான். விரிசல் விட்ட பல்லுக்கு அதுதான் முக்கியமான அடையாளம். கடிச்சா ரெண்டு துண்டும் லேசா விலகும், விட்டா சட்டுனு ஒட்டும், அப்போ பல்லுக்குள்ள இருக்கற மெல்லிசான குழாய்கள்ல நீர் அசைஞ்சு நரம்ப சுண்டி விடும்.

அப்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சிய ஒவ்வொரு பல்லுலயும், அதுலயும் ஒரே பல்லோட ஒவ்வொரு முனைலயும் தனித்தனியா வச்சு "கடிங்க, விடுங்க"ன்னு சொல்லிட்டே வந்தாங்க. மத்த பல்லு எல்லாம் சும்மா இருந்துச்சு, 46ல நாக்குப் பக்கம் இருக்கற ஒரு முனைல மட்டும் விட்ட உடனே அவர் சீட்ல இருந்து எம்பிட்டார். அதோட விடாம பஞ்சுல குளிர் ஸ்ப்ரே அடிச்சு பக்கத்துப் பல்லுங்கள்ல வச்சுப் பார்த்து, கண்ணாடிப் பிடியால தட்டிப் பார்த்து, ஈறைச் சுத்தி அளவுக் கம்பிய விட்டுப் பார்த்திருக்காங்க. அந்தக் கம்பி எதுக்குன்னா, ஒரே ஒரு இடத்துல மட்டும் திடீர்னு ஆழமா இறங்குச்சுன்னா விரிசல் வேர் வரைக்கும் போயிருக்கலாம்னு சந்தேகப்படணும். இவருக்கு அப்படி இறங்கல.

கடைசில அந்தப் பல்லுல இருந்த பழைய அடைப்ப எடுத்துட்டு பல்லுக்குப் பக்கவாட்டுல இருந்து ஒரு குட்டி லைட்ட அடிச்சு, கைக்கண்ணாடிய அவர் கைல குடுத்து பார்க்க சொல்லியிருக்காங்க. வெளிச்சம் பாதி பல்லு வரைக்கும் வந்து ஒரு கோட்டுல அப்படியே நிக்குது, அந்தப் பக்கம் பாதி இருட்டா இருக்கு. "ரெண்டு வருஷமா என்னை ஆட்டி வச்சத அன்னைக்குதான் கண்ணால பார்த்தேன் கண்ணு"ன்னு அவர் சொன்னப்போ இது லெட்டர்ல கண்டிப்பா வரணும்னு நான் தனியா குறிச்சு வச்சேன். உங்க கேஸ்லயும் இந்த மாதிரி ஒரு நிமிஷம் இருக்கும், வரைஞ்சு காட்டினதா இருக்கலாம், எக்ஸ்ரேய ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு சொன்னதா இருக்கலாம். அத முழுசா எழுதுங்க, மத்த சோதனைங்கள ஒரு வரில சொல்லிட்டுப் போயிடலாம், எல்லாத்தையும் வரிசையா எழுதுனா கேஸ் ஷீட்டோட நகல் மாதிரி ஆயிடும்.

அவங்க விளக்குனத உங்க வார்த்தைல திருப்பி எழுதுங்க

தெளிவா சொன்னாங்கன்றதுக்கு இதவிட நல்ல சாட்சி கிடையாது. நீங்க புரிஞ்சுகிட்டத நீங்களே எழுதி காட்டுனா, அவங்க சொன்னது போய்ச் சேர்ந்திருக்குன்னு அவங்களுக்கே தெரியும். சித்தப்பாவோட முதல் சந்தேகம், எக்ஸ்ரேல ஏன் தெரியலன்றது. அவர் தொழில வச்சே சொன்னாங்களாம், "உங்க லாரி முன் கண்ணாடில கல்லு பட்டு கோடு விழுந்திருக்கும், தூரத்துல இருந்து நேரா பார்த்தா தெரியாது, ஆனா குழில இறங்கி ஏறும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமா நீளும் இல்லையா". பல்லுல விரிசல் முன்னால இருந்து பின்னால ஓடுது, எக்ஸ்ரே கதிர் கன்னத்துல இருந்து நாக்குப் பக்கமா குறுக்க போகுது, அதனால கோடு படத்துல விழாது. விரிசலோட திசைலயே கதிர் போனாதான் விழும். பாக்கு, எலும்பு, கெட்டியான சாமான் கடிக்கறவங்களுக்கு, தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கறவங்களுக்கு, பெரிய பழைய அடைப்பு இருக்கற பல்லுக்கு இது வர வாய்ப்பு ஜாஸ்தி, கீழ் கடைவாய்ப்பல்லுல அதிகம் பார்க்கறதுன்னும் சொல்லியிருக்காங்க. சித்தப்பாவுக்கு வண்டில போகும்போது கொட்டைப்பாக்கு மெல்லுற பழக்கம், இப்போ விட்டுட்டார், அதையும் லெட்டர்ல சேர்த்தோம், ஏன்னா சொன்னத கேட்டு நடந்துகிட்டாருன்றது அந்தம்மாவுக்கு உபயோகமான செய்தி.

உறுதி குடுக்க முடியாத விஷயத்த அவங்க எப்படி சொன்னாங்கன்றதையும் விடாதீங்க. ஆரம்பத்துலயே இந்தம்மா மூணு வழி சொல்லிட்டாங்க. பல்லச் சுத்தி ஒரு பேண்ட், அதாவது கிளிப் போடுறவங்களுக்கு கடைவாய்ல மாட்டுற அந்த ஸ்டீல் வளையம், அத மாட்டி ரெண்டு மூணு வாரம் பார்ப்போம், வலி அடங்குச்சுன்னா நேரா கேப் போட்டுடலாம். நரம்பு கெட்டுப் போயிருந்தா ரூட் கெனால் பண்ணிட்டு கேப். விரிசல் வேருக்குள்ள இறங்கியிருந்தா பல்ல எடுக்கத்தான் வேணும், "அது எவ்வளவு தூரம் போயிருக்குன்னு இப்போ என்னால சத்தியம் பண்ணி சொல்ல முடியாது"ன்னு. பேண்ட் போட்டதும் கடி வலி போச்சு, ஆனா குளிர்ந்த தண்ணி பட்டா வலி உடனே போகாம நிமிஷக்கணக்கா நின்னுச்சு, ராத்திரி தானா வலிச்சுச்சு, அது ரெண்டும் நரம்பு இனிமே தேறாதுன்னு அடையாளம். முன்னாடியே சொல்லி வச்சதால ரூட் கெனால்னு சொன்னப்போ அவருக்கு ஏமாத்துறாங்கன்னு தோணவே இல்ல, செலவுக்கும் மனசளவுல தயாரா இருந்தார். இத நேரா அப்படியே எழுதலாம், ரொம்ப கௌரவமான நன்றி அது.

வலியே தெரியலன்னு மட்டும் பொய் எழுதிடாதீங்க. கீழ் கடைவாய்ல நரம்பு வீங்கிப் போயிருந்தா மரத்துப் போற ஊசி சில நேரம் முழுசா பிடிக்காது, உதடு மரத்திருக்கும் ஆனா பல்லு மரத்திருக்காது. இவருக்கும் நடுவுல சுரீர்னுச்சு. கைய தூக்குனா நிறுத்திடுவேன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, தூக்குனார், அந்த நிமிஷமே மெஷின் நின்னுச்சு, இன்னொரு ஊசி போட்டு, பத்து நிமிஷம் காத்திருந்து, குளிர் வச்சு சோதிச்சுட்டுதான் தொட்டாங்க. வலிச்சுதுன்னு எழுதுனா டாக்டர் கோச்சுக்குவாங்களோன்னு சித்தப்பா தயங்குனார். சொன்ன வார்த்தைய காப்பாத்துனாங்கன்றது அந்த இடத்துல இருந்துதானே தெரியுது, அதனால அத எழுதியே ஆகணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன்.

எத சேர்க்க வேணாம்

புது சந்தேகம், புது வலி எதுவும் இந்த லெட்டர்ல வேணாம். "மேல் பல்லும் லேசா கூசுது, என்ன பண்ணலாம்"னு கடைசில ஒரு வரி போட்டா, அத பார்த்து யார் எப்போ பதில் சொல்றது, அதுக்கு போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. "பூரணமா குணமாயிடுச்சு, இனி ஆயுசுக்கும் வராது"ன்னும் எழுதாதீங்க, விரிசல் விட்ட பல்லு கேப் போட்டாலும் பின்னாடி தகராறு பண்ணலாம், "இன்னைக்கு வரைக்கும் நல்லா இருக்கு"ன்றதுதான் உண்மை. கவருக்குள்ள பணம் வைக்காதீங்க. கூட இருந்த சிஸ்டர், டோக்கன் குடுத்த பொண்ணு, இவங்கள ஒரு வரில சேருங்க, உறிஞ்சுற குழாய வாய்ல பிடிச்சுட்டு மணிக்கணக்கா நின்னது அவங்கதான்.

எழுதி முடிச்ச லெட்டர்

எழுத்துத் தமிழ்லதான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. சித்தப்பா பேசுற மாதிரியே வச்சேன், மரியாதை மட்டும் குறையாம பார்த்துகிட்டேன். கோடு போட்ட பேப்பர்ல ஒரு பக்கமும் கொஞ்சமும் வந்துச்சு.

> மதிப்புக்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,
>
> வணக்கம். நான் கோத்தகிரில இருந்து வர்ற பச்சை இலை லாரி டிரைவர். போன தை மாசம் முதல் தடவ உங்ககிட்ட வந்தேன். கீழ வலது கடைவாய்ப்பல், சீட்டுல 46ன்னு போட்டிருக்கீங்க.
>
> ரெண்டு வருஷத்துக்கு மேல வலது பக்கம் சாப்பிடாம இருந்தேன். கடலை, வர்க்கி கடிச்சா சுரீர்னு குத்தும், எந்தப் பல்லுன்னு எனக்கே காட்டத் தெரியாது. முன்னாடி ரெண்டு இடத்துல பார்த்தும் தீரல. பல்லு எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் மனப்பிரமையோன்னு நினைக்க ஆரம்பிச்சிருந்தேன்.
>
> நீங்க கடிக்கும்போதா விடும்போதான்னு கேட்டீங்க. அப்படி யாரும் கேட்டதில்ல. ஒவ்வொரு பல்லா குச்சி வச்சுப் பார்த்துட்டு, லைட் அடிச்சு கண்ணாடிய என் கைல குடுத்தீங்க. வெளிச்சம் ஒரு கோட்டுல நின்னத நானே பார்த்தேன். என் வலி நிஜம்னு அன்னைக்குத்தான் நிம்மதியாச்சு. லாரிக் கண்ணாடிய வச்சு நீங்க சொன்னத எங்க ஸ்டேண்டுல எல்லா டிரைவருக்கும் சொல்லிட்டேன்.
>
> பல்லு நிக்கும்னு உறுதி சொல்ல முடியாதுன்னு முதல் நாளே சொன்னீங்க. அதனாலதான் ரூட் கெனால் வேணும்னு சொன்னப்போ எனக்கு சந்தேகம் வரல. நடுவுல வலிச்சு கைய தூக்குனேன், உடனே நிறுத்திட்டு மறுபடி ஊசி போட்டு காத்திருந்தீங்க. அன்னைக்கு வெளிய நிறைய பேர் உக்காந்திருந்தாங்க, இருந்தும் நீங்க அவசரப்படல.
>
> கேப் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் வலி இல்ல. வலது பக்கமா மெல்லுறேன். காலைல ஜன்னல திறந்து வச்சு வண்டி ஓட்டுறேன். பாக்க விட்டுட்டேன். ஆறு மாச செக்கப்புக்கு கண்டிப்பா வருவேன்.
>
> குழாய பிடிச்சுட்டு நின்ன சிஸ்டருக்கும் டோக்கன் குடுக்கற பாப்பாவுக்கும் என் நன்றிய சொல்லிடுங்க. இந்த லெட்டர மத்த பேஷன்ட்டுக்கு காட்டணும்னா காட்டுங்க, பேர மட்டும் மறைச்சுக்கோங்க.
>
> இப்படிக்கு,
> உங்கள் நன்றியுள்ள

கீழ கையெழுத்து, தேதி, போன் நம்பர் அவரே போட்டார். நீங்க எழுதி முடிச்சதும் ஒரு தடவ சத்தமா படிச்சுப் பாருங்க. ஏதாவது ஒரு வரி வேற எந்த டாக்டருக்கும் பொருந்துதுன்னா அத எடுத்துட்டு அந்த இடத்துல நடந்தத ஒண்ணு வைங்க. எங்க லெட்டர்ல முதல்ல "நீங்க தெய்வம் மாதிரி"ன்னு ஒரு வரி இருந்துச்சு, அத எடுத்துட்டுதான் வெளிய நிறைய பேர் உக்காந்திருந்தாங்கன்றத போட்டோம்.

பேரு காட்டலாமா வேணாமான்ற அந்தக் கடைசி வரி சின்னதா தெரிஞ்சாலும் முக்கியம். நம்ம வாய்ல நடந்த வைத்தியம் நம்ம சொந்த விஷயம், அத மத்தவங்ககிட்ட காட்ட டாக்டருக்கு நம்ம சம்மதம் வேணும், அத முன்னாடியே எழுதிட்டா அவங்க நம்மகிட்ட கேட்டு சங்கடப்பட வேண்டியதில்ல. காட்ட வேணாம்னாலும் "இது உங்களுக்கு மட்டும்"னு தாராளமா எழுதலாம்.

எப்படி சேர்க்கறது

நேர்ல குடுக்கறதா இருந்தா கூட்டம் இல்லாத நேரமா பார்த்து கவர்ல போட்டு ரிசப்ஷன்ல குடுத்துட்டு வந்துடுங்க, டாக்டர் கைலதான் குடுப்பேன்னு வரிசைல உக்காந்தா வலியோட காத்திருக்கற இன்னொருத்தர் நேரம் போகும். கோத்தகிரில இருந்து குன்னூருக்கு பஸ் ஏறி இதுக்குன்னே போக முடியாதவங்க தபால்ல அனுப்பலாம், பில்லுல கிளினிக் விலாசம் இருக்கும். வாட்ஸாப்ல அனுப்பறதுன்னா கையால எழுதுனத நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்புங்க, ஆனா அப்பாயின்ட்மென்ட் போடுற நம்பருக்கு அனுப்புனா அத பார்க்கறது வேற யாராவதா இருக்கும், "டாக்டர் பார்வைக்கு"ன்னு ஒரு வரி மேல போட்டுடுங்க.

அரசு ஆஸ்பத்திரிலயோ பல் மருத்துவக் காலேஜ்லயோ பார்த்திருந்தா கொஞ்சம் வேற மாதிரி பண்ணணும். அங்க உங்கள பார்த்தவங்க பயிற்சி டாக்டராவோ மேல் படிப்பு படிக்கறவங்களாவோ இருக்கலாம், அவங்க டூட்டி மாறிப் போயிடுவாங்க, லெட்டர் போய்ச் சேராமலே போகலாம். அதனால ரெண்டு நகல் எழுதுங்க. ஒண்ணு பார்த்த டாக்டர் பேருக்கு, இன்னொண்ணு பல் பிரிவோட தலைமை டாக்டருக்கோ ஆஸ்பத்திரி கண்காணிப்பாளருக்கோ. ரெண்டாவதுல பார்த்த டாக்டரோட முழுப் பேரு, தேதி, ஓ.பி. சீட்டு நம்பர் மூணையும் மேலயே போடுங்க. பேரு தெரியலன்னா சீட்டுல இருக்கற கையெழுத்த காட்டி ஓ.பி. கவுன்ட்டர்ல கேட்டுப் பாருங்க.